முறத்தில் ஒதுங்கிய அரிசியும் அலமாரியில் ஏறிய பிஸ்கட்டும்

பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கல்லும் நெல்லும் மட்டும் பொறுக்கவில்லை. கொஞ்சம் மங்கலாக, மற்ற அரிசியோடு ஒட்டாமல் தெரிந்த மணிகளையும் தனியாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டார். "பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்காங்க தம்பி. தண்ணியில போட்டா மிதக்குது பாருங்க" என்றார். பேரனுக்கு வாங்கி வைத்திருந்த ராகி பிஸ்கட்டை எனக்கும் இரண்டு கொடுத்தார். "இது நேச்சுரல். பயமில்லாம சாப்பிடலாம்."

அக்கா எறிந்த மணிகளில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு மில்லிகிராம் கணக்கில் சட்டம் இருக்கிறது. அவர் நம்பிக் கொடுத்த பிஸ்கட்டின் முன்பக்கச் சொல்லுக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. நம் வீடுகளில் நம்பிக்கையும் சந்தேகமும் இப்படித்தான் இடம் மாறிக் கிடக்கின்றன. உணவுப் பொட்டலங்களில் அதிகம் தென்படும் மூன்று சொற்களை, அதாவது நேச்சுரல், ஆர்கானிக், செறிவூட்டப்பட்டது ஆகியவற்றை, தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் பிஸ்கட். 'நேச்சுரல்' என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், அதாவது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 2018-இல் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் என்றே தனி ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அதன்படி தாவரம், விலங்கு, தாது போன்ற ஒரு மூலத்திலிருந்து வந்த, எதுவும் சேர்க்கப்படாத, ஒற்றை உணவைத்தான் 'நேச்சுரல்' என்று சொல்லலாம். வறுக்கலாம், உலர்த்தலாம், உறைய வைக்கலாம், பாஸ்டுரைஸ் செய்யலாம். ரசாயனம் கலக்கக் கூடாது. வறுத்த வேர்க்கடலை இந்த வரையறைக்குள் வரும். பல பொருள்களைப் பிசைந்து செய்த பிஸ்கட் எந்நாளும் வராது. எல்லா உட்பொருள்களும் அந்த நிபந்தனைக்கு உட்பட்டிருந்தால் 'நேச்சுரல் பொருள்களால் செய்யப்பட்டது' என்று மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

அப்படியானால் அக்காவின் பொட்டலத்தில் அந்தச் சொல் எப்படி வந்தது? திருப்பிப் பார்த்தேன். அது பிராண்ட் பெயரின் ஒரு பகுதி. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மையான தன்மையைக் குறிப்பதல்ல. இந்த வரியைப் போடச் சொல்வதும் அதே ஒழுங்குமுறைதான். நேச்சுரல், ஃப்ரெஷ், ப்யூர், ட்ரெடிஷனல் போன்ற சொற்கள் பிராண்ட் பெயரில் இருந்து, அவை வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கும் என்றால், குறைந்தது 3 மில்லிமீட்டர் உயர எழுத்தில் இந்த மறுப்பை அச்சிட வேண்டும். முன்னால் விரல் நீளத்துக்குச் சொல், பின்னால் 3 மில்லிமீட்டரில் அதற்கு மறுப்பு. சட்டப்படி இது சரி. ஆனால் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அந்த வரியைப் படிக்கும் பாட்டிகள் எத்தனை பேர்? என்னைக் கேட்டால், இந்த விதிவிலக்கையே நீக்க வேண்டும்.

அந்தப் பொட்டலத்தின் உட்பொருள் பட்டியல் பொய் சொல்லவில்லை. எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில், அதன் பிறகே ராகி மாவு 12 சதவீதம். பெயரிலோ படத்திலோ ஒரு பொருளைத் தூக்கிக் காட்டினால் அதன் அளவைச் சதவீதத்தில் சொல்லியாக வேண்டும் என்பதால்தான் அந்த 12 அங்கே இருந்தது. கடைசியில் பிஸ்கட்டை உப்ப வைக்கும் ஐ.என்.எஸ். 503, ஐ.என்.எஸ். 500. இவை அனுமதிக்கப்பட்ட பொருள்கள், பயப்பட வேண்டியவை அல்ல. ஆனால் ராகி பிஸ்கட் என்ற பெயரில் அக்கா வாங்கியது மைதா பிஸ்கட்.

'ரசாயனம் அற்றது', 'கிராமத்துச் சுவை', 'பாட்டி கைப்பக்குவம்' போன்றவற்றை எந்த ஆய்வகத்திலும் அளந்து பார்க்க முடியாது. அவற்றை விற்பனைப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'ஆர்கானிக்' கதை வேறு. தமிழில் இங்கே ஒரு சிக்கலும் உண்டு. நம்மாழ்வார் காலத்திலிருந்து 'இயற்கை விவசாயம்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஆர்கானிக் எனப்படுவதை. ஆனால் பொட்டலத்தில் உள்ள 'நேச்சுரல்' என்பதற்கும் தமிழில் 'இயற்கை' என்றே போடுகிறார்கள். ஒன்று வயலில் எப்படி விளைந்தது என்பதைப் பற்றியது. மற்றது ஆலையில் என்ன சேர்க்கவில்லை என்பதைப் பற்றியது. ஒரே தமிழ்ச் சொல் இரண்டையும் மூடிவிடுகிறது. அரசு அலுவலக மொழியில் ஆர்கானிக் என்பதை 'அங்ககம்' என்கிறார்கள். காதுக்குப் பழகாத சொல்தான், ஆனால் குழப்பம் தராத சொல்.

ஆர்கானிக் உணவுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒழுங்குமுறைகள் 2017-இல் வந்தன. சான்றுக்கு இரண்டு வழிகள். ஒன்று, 'அபெடா' நிறுவனத்தின் கீழ் இயங்கும் தேசியத் திட்டம். இதில் மூன்றாம் தரப்பு நிறுவனம் வயலுக்கு வந்து ஆய்வு செய்யும். நம் மாநிலத்தில் கோவையில் உள்ள அங்ககச் சான்றளிப்புத் துறையும் இந்த வேலையைச் செய்கிறது. நெல் போன்ற ஆண்டுப் பயிர் என்றால், விதைப்பதற்கு முன் நிலம் 2 ஆண்டுகள் மாற்றக் காலத்தில் இருக்க வேண்டும். தென்னை, மா போன்றவற்றுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். அந்தக் காலம் முழுதும் விளைச்சல் குறையலாம், ஆர்கானிக் விலையும் கிடைக்காது. இந்தப் பொருள்களின் விலை கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு வழி பி.ஜி.எஸ். என்ற பங்கேற்பு முறை. ஒரு வட்டாரத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை இன்னொருவர் பார்த்து உறுதி செய்வார்கள்.

இந்த இரண்டில் ஒரு சான்று இருந்தால்தான் பொட்டலத்தில் 'ஜைவிக் பாரத்' என்ற பச்சை முத்திரையைப் போடலாம். பொட்டலத்தில் ஆர்கானிக் என்ற சொல் இருந்து முத்திரை இல்லை என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள். அதே இடத்தில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருப்பதைக் காட்டிச் சிலர் சமாதானம் சொல்வார்கள். அது தொழில் நடத்துவதற்கான உரிமம் அல்லது பதிவு எண். மிட்டாய் கம்பெனிக்கும் அந்த எண் உண்டு. ஆர்கானிக் என்பதற்கு அது சான்று ஆகாது.

ஒரு முக்கியமான விலக்கும் இருக்கிறது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத சிறு விவசாயியோ உற்பத்தியாளர் குழுவோ உண்பவருக்கு நேரடியாக விற்றால் சான்று தேவையில்லை. அவர்கள் முத்திரையைப் பயன்படுத்த முடியாது, அவ்வளவுதான். வாரச்சந்தையில் முத்திரை இல்லாமல் கீரை விற்கும் விவசாயியை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வயல் எங்கே, பூச்சிக்கு என்ன அடித்தீர்கள் என்று கேளுங்கள். தன் கையால் செய்தவர் நின்று பதில் சொல்வார்.

ஆர்கானிக் முத்திரை விளைவித்த முறைக்கு உத்தரவாதம். சத்துக்கு அல்ல. நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியும் ஆர்கானிக்காக இருக்கலாம். ஆர்கானிக் வெல்லமும் சர்க்கரை நோயாளியின் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

இனி அக்கா கிண்ணத்தில் ஒதுக்கிய மணிகளுக்கு வருகிறேன். அவை பிளாஸ்டிக் அல்ல, அரிசி மாவு. மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து பிசைந்து, சூடான இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்து, உலர்த்துகிறார்கள். மாவிலிருந்து செய்ததால்தான் பார்வைக்குக் கொஞ்சம் வேறாக இருக்கிறது. சில மணிகள் மிதக்கவும் செய்கின்றன. சந்தேகம் இருந்தால் பத்து மணிகளை எடுத்துத் தனியே வேக வையுங்கள். சோறு போல வெந்து, விரலில் நசுங்கும். பிளாஸ்டிக் அப்படிச் செய்யாது.

100 கிலோ அரிசியில் இந்த மணிகள் 1 கிலோ. அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. சேர்க்கும் சத்து முழுவதும் அந்த ஒன்றில்தான் இருக்கிறது. மற்ற 99 மணிகளும் சாதாரண அரிசி. அக்கா அதை மட்டும் பொறுக்கி எறிந்தபோது, சேர்த்த சத்து அத்தனையும் குப்பைக்குப் போனது.

எவ்வளவு சத்து? 2018-இல் வந்த செறிவூட்டல் ஒழுங்குமுறைகள் 1 கிலோ அரிசிக்குக் குறைந்தது 28 மில்லிகிராம், அதிகபட்சம் 42.5 மில்லிகிராம் இரும்பு என்கின்றன. ஒரு பெண் நாளொன்றுக்கு கால் கிலோ அரிசி சமைத்து உண்டால், சேர்த்த இரும்பு குறைந்தபட்சமாக 7 மில்லிகிராம் கிடைக்கும். பெரிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. ஆக, தேவையில் சுமார் கால் பங்கு. இந்த அரிசியால் மட்டும் ரத்தச்சோகை எந்த அளவு குறையும் என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கீரையையும் பயறையும் முட்டையையும் இது ஈடு செய்யாது. தலசீமியா, சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் இரும்பு சேர்த்த உணவைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொட்டலத்தில் நீல நிறத்தில் '+F' என்ற முத்திரை இருந்தால் இதுபோன்ற ஓர் அளவுக்குத் தயாரிப்பாளர் கட்டுப்பட்டிருக்கிறார் என்று பொருள். பால், எண்ணெய், கோதுமை மாவு, உப்பு ஆகியவற்றுக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. அளவு இருக்கிறது என்பதாலேயே அது பெரிய அளவு என்று எண்ணிவிடக் கூடாது. செறிவூட்டிய பாலில் லிட்டருக்குக் குறைந்தது 5 மைக்ரோகிராம் வைட்டமின் டி இருக்க வேண்டும். ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வைத்தால், 1 மைக்ரோகிராம். நாளுக்குத் தேவை 15.

அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். கிண்ணத்தைப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா நான் எறிஞ்சது?" என்று கேட்டுவிட்டு, அந்த மணிகளை மறுபடி அரிசியில் கொட்டினார். உங்கள் வீட்டு அரிசியிலும் அப்படி மணிகள் தென்பட்டால் பொறுக்கி எறியாதீர்கள். பல முறை அலசாமல், ஒன்றிரண்டு முறை கழுவி உலையில் போடுங்கள்.