கண்ணாடியில் ஒரு முகம், செல்ஃபியில் வேறு முகம்: ஏன்?

கண்ணாடியில் பார்த்தபோது சரியாக இருந்த முகம், அடுத்த நிமிடம் எடுத்த செல்ஃபியில் யாரோ போலத் தெரிகிறது. மூக்கு பருத்திருக்கிறது, நெற்றி முன்னே தள்ளி நிற்கிறது, காதுகள் பின்வாங்கிவிட்டன. சிலர் தங்கள் முகத்தை நொந்துகொள்கிறார்கள், சிலர் போனை மாற்ற நினைக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. பெரும்பாலும் தூரத்தை மாற்றினால் போதும்.

கண்ணாடி முன் அரை மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வையுங்கள். பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே அரை மீட்டரில் இருப்பதாகத்தான் கண்ணுக்குப் படும். ஆக, நம் முகத்தை நாம் தினமும் பார்ப்பது ஒரு மீட்டர் தூரத்திலிருந்து. எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரும் ஏறக்குறைய அந்தத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார். செல்ஃபி எடுக்கும்போதோ முழங்கையை மடக்கி, போனை முகத்துக்கு 30, 40 சென்டிமீட்டரில் பிடிக்கிறோம். அவ்வளவு கிட்டத்தில் நம் முகத்தை நாமே பார்த்துப் பழகியதில்லை.

கிட்டே வந்தால் என்ன ஆகிறது? மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக 12 செ.மீ. ஆழம் இருப்பதாகக் கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 30 செ.மீ.யில் இருந்தால், காது 42 செ.மீ.யில் இருக்கிறது. தூரத்துக்கு ஏற்ப உருவம் சிறுக்கும் என்பதால், காதோடு ஒப்பிட மூக்கு நுனி 1.4 மடங்கு பெரிதாகப் பதிகிறது. கையை முழுதாக நீட்டி 60 செ.மீ. ஆக்கினால் இந்தக் கணக்கு 1.2 மடங்காகக் குறையும். ஒரு மீட்டரில் 1.12, ஒன்றரை மீட்டரில் 1.08. அதாவது, முதலில் கூட்டும் முப்பது சென்டிமீட்டர்தான் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு மேல் விலக விலகப் பலன் குறைந்துகொண்டே போகும்.

அமெரிக்காவில் ரட்கர்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த முக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும், ஸ்டான்ஃபோர்டில் கணினி ஆய்வாளராக இருந்த ஓஹத் ஃப்ரீடும் இன்னும் சிலரும் சேர்ந்து இதை 2018-இல் ஒரு கணித மாதிரியாக வெளியிட்டார்கள். செல்ஃபியைக் காட்டி மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வந்தவர்கள்தான் பாஸ்கோவரை இந்தக் கேள்விக்குள் இழுத்தவர்கள். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், முக அகலத்தோடு ஒப்பிட்ட மூக்கின் அகலம் ஆண்களுக்குச் சுமார் 30 சதவீதமும் பெண்களுக்கு 29 சதவீதமும் கூடித் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. ஐந்து அடி தள்ளி எடுத்தால் அந்த வேறுபாடு இல்லாமலே போகிறது. கத்தி வைக்கும் முன் ஐந்தடி நகர்ந்து பார்க்கலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த செய்தி.

பழியை லென்ஸ் மேல் போடுவதில் பாதிதான் நியாயம். முன்பக்கக் கேமராவின் லென்ஸ் அகன்ற காட்சியைப் பிடிப்பது. முகம் திரையை நிறைக்க வேண்டும் என்றால் நாம்தான் கிட்டே போகிறோம், அங்கேதான் உருவம் கெடுகிறது. அதே லென்ஸால் தள்ளி நின்று எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால், விலை உயர்ந்த ஜூம் லென்ஸ் தரும் அதே முக அமைப்பு கிடைத்துவிடும். இழப்பது படத்தின் நுணுக்கத்தை. நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் 12 மெகாபிக்சல் படம் 3 மெகாபிக்சலாகிறது. போன் திரைக்கும் அஞ்சலட்டை அளவு பிரின்டுக்கும் அது தாராளம்.

வெளிச்சத்துக்கும் இதே தூரக் கணக்குதான், இன்னும் கடுமையாக. சின்ன விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். இருட்டில் திரையே வெள்ளையாக மின்னும் செல்ஃபி ஃபிளாஷை 30 செ.மீ.யில் பயன்படுத்தினால், மூக்குக்கு விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பாதிதான் காதுக்குப் போகிறது. ஏற்கெனவே பெரிதாகிவிட்ட மூக்கு பளபளக்கவும் செய்கிறது. உச்சி வெயிலும் தலைக்கு மேலே எரியும் டியூப்லைட்டும் வேறு விதமாகக் கெடுக்கும். புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து கண் குழிந்ததுபோல் ஆகும், மூக்குக்குக் கீழே கருப்பாக நிழல் தொங்கும். அகலமாக, பக்கவாட்டில், கண் மட்டத்துக்குச் சற்று மேலிருந்து வரும் வெளிச்சம்தான் முகத்துக்கு நல்லது. வெயில் நேராக விழாத ஜன்னல் அப்படிப்பட்டது. நிழலான திண்ணையில் வெளியே பார்த்து நிற்பதும் அப்படித்தான்.

ஒற்றை ஜன்னல் உள்ள ஒரு வாடகை அறையை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணி, வெயில் எதிர்ப்பக்கம். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நாற்காலியைப் போட்டு, ஜன்னல் முகத்துக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள். ஒட்டி உட்கார்ந்தால் ஒரு கன்னம் வெளுத்து மறு கன்னம் இருண்டுவிடும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் தோலின் நிறத்தைக் கேமராவால் சரியாகப் பிடிக்க முடியாது. பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கன்னத்தில் பச்சை படியும் என்பதையும் கவனியுங்கள். போனை ஒரு மீட்டர் தள்ளி, புத்தக அடுக்கின் மேல் கண் மட்டத்தில் சாய்த்து வைத்து, லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, டைமரைப் பத்து நொடிக்கு வையுங்கள். திரையில் முகத்தைத் தொட்டால் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் நெற்றியின் வெளுப்பு அடங்கும். எடுத்த படத்தில் தலையிலிருந்து இடுப்பு தாண்டியும் வரும். தலையும் மார்பும் இருக்கும்படி வெட்டிக்கொள்ளலாம்.

பின்பக்கக் கேமராவில் 2x இருந்தால் ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து அதில் எடுப்பது இன்னும் நல்லது. திரையில் முகத்தைப் பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் சங்கடம். இரண்டு மூன்று முறை எழுந்து நடக்க வேண்டியிருக்கும்.

தேறியதா என்பதைக் காதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கிட்டத்தில் எடுத்த ஒன்றையும் தள்ளி எடுத்த ஒன்றையும் முகம் ஒரே அளவு தெரியும்படி வெட்டி அடுத்தடுத்து வையுங்கள். முதலாவதில் காது கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், இரண்டாவதில் வெளியே வரும். போனின் உயரமும் கிட்டத்தில்தான் அதிகம் விளையாடும். தாழ்த்திப் பிடித்தால் தாடையும் மூக்குத் துளையும் முன்னே வரும், தூக்கிப் பிடித்தால் நெற்றி பெருத்துத் தாடை சுருங்கும். ஒரு மீட்டரில் அதே உயர மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. அழகு ஃபில்டர் முகத்தை மெலியச் செய்யும், மூக்குக்கும் காதுக்கும் இடையே கெட்டுப்போன விகிதத்தைச் சரியாகத் திருப்பித் தராது.

கூட்டமாக எடுக்கும் செல்ஃபியில் இன்னொரு தொல்லை உண்டு. போனைப் பிடிப்பவர் எப்போதும் முன்னால் இருப்பதால் அவர் முகம் மற்றவர்களைவிடப் பெரிதாகும். அது போதாதென்று, அகன்ற லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். சில போன்கள் இதை மென்பொருளால் திருத்துகின்றன, எல்லாம் அல்ல. எல்லாரும் நடுவில் நெருங்கி நின்று ஓரத்தில் காலி இடம் விடுவது உதவும். அதைவிட நல்லது, வழியில் போகிற ஒருவரிடம் போனைக் கொடுத்து இரண்டு மீட்டர் பின்னால் போய் எடுக்கச் சொல்வது. பெரும்பாலான செல்ஃபி ஸ்டிக்குகள் அவ்வளவு நீளாது.