தொண்ணூறு ரூபாய் பேரிங்

கோவையில் ஒரு சின்ன பம்ப்செட் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். வைண்டிங் காப்பர் ஒயர் பூட்டிய அறையில் இருக்கும். சாவி முதலாளியின் இடுப்பில். வாஷரும் நட்டும் மூடியில்லாத டப்பாக்களில் கிடக்கும். யாரும் சொல்லித்தராமலே அவர் செய்திருக்கும் இந்தப் பிரிவினைக்கு 1951-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபோர்ட் டிக்கி ‘ஏபிசி’ என்று பெயர் வைத்தார்.

கணக்கு எளிது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓராண்டில் எவ்வளவு செலவாகிறது என்பதை அதன் விலையால் பெருக்கி, பெரிய தொகை மேலே வரும்படி வரிசைப்படுத்த வேண்டும். நம் பட்டறை வாரம் 30 பம்ப் செய்கிறது, 60 விதமான பொருள் வாங்குகிறது, ஆண்டுக் கொள்முதல் 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். காப்பர் ஒயர் 27 லட்சம், ஸ்டாம்பிங் 12 லட்சம், வார்ப்புகள் 8 லட்சம். இந்த மூன்றிலேயே 78 சதவீதப் பணம் போய்விடுகிறது, இவை ‘ஏ’. அடுத்த 12 பொருள்களுக்கு 9 லட்சம், அவை ‘பி’. மிச்சமுள்ள 45 பொருள்களும் சேர்ந்தே 4 லட்சம்தான், அவை ‘சி’. ‘ஏ’ பொருளை வாராவாரம் எண்ணிப் பார்க்கலாம். ‘சி’ பொருளை எண்ணிக்கொண்டிருப்பது எண்ணுகிறவரின் சம்பளத்துக்கே கட்டாது. மூன்று மாதத்துக்கானதை மொத்தமாக வாங்கிப் போட்டுவிடலாம்.

ஆனால் இந்த வரிசை பணத்தை மட்டுமே பார்க்கிறது. தொண்ணூறு ரூபாய் பேரிங் வரவில்லை என்றால் ஆயிரக்கணக்கில் காப்பர் ஏறிய மோட்டார் மேஜையிலேயே கிடக்கும். அதனால் எந்தப் பொருளுக்குக் காவல் என்பதை ஏபிசி சொன்னாலும், எவ்வளவு கூடுதலாக வைத்திருப்பது என்பதை வேறொரு கணக்குதான் சொல்ல வேண்டும். அதுதான் காப்பிருப்பு.

நம் பேரிங்கையே எடுத்துக்கொள்வோம். பம்புக்கு இரண்டு வீதம் வாரம் 60 ஆகிறது. ஆனால் எல்லா வாரமும் 60 ஆகாது. சில வாரம் 45, சில வாரம் 75. நோட்டுப் புத்தகத்தில் உள்ள வாரக் கணக்கைக் கணினியில் ஏற்றி STDEV போட்டால் இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, அதாவது திட்ட விலக்கம், 12 என்று வருகிறது. ஆர்டர் கொடுத்தால் சரக்கு வர 4 வாரம். அந்த நான்கு வாரத்துக்குச் சராசரியாக 240 வேண்டும். சரியாக 240 இருக்கும்போது ஆர்டர் கொடுத்தால், ஏறக்குறைய இரண்டு தடவைக்கு ஒரு தடவை சரக்கு வருவதற்குள் காலியாகிவிடும்.

இருபது ஆர்டரில் பத்தொன்பது முறையாவது தட்டுப்பாடு வரக்கூடாது என்றால் 1.65 என்ற எண்ணால் பெருக்க வேண்டும்:

1.65 × 12 × √4 = 39.6

ஆக, 40 பேரிங் காப்பிருப்பு. கையிருப்பு 280-க்கு இறங்கியதும் ஆர்டர் போக வேண்டும். நான்கால் பெருக்காமல் அதன் வர்க்கமூலத்தால் பெருக்கக் காரணம், ஒரு வாரம் அதிகம் ஓடியதை மறுவாரம் கொஞ்சம் ஈடுகட்டிவிடும் என்பதுதான்.

இதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். சரக்கு சொன்னபடி நான்காவது வாரமே வரும் என்று இந்தக் கணக்கு நம்புகிறது. “நாளைக்கு வந்துடும்ங்க” என்ற பதிலைக் கேட்டவர்களுக்கு அந்த நம்பிக்கையின் விலை தெரியும். சரக்கு வரும் நாளும் ஒரு வாரம் முன்பின் ஆகக்கூடும் என்றால் சூத்திரம் சற்று நீள்கிறது:

1.65 × √(4 × 12² + 60² × 1²) ≈ 107

நாற்பது நூற்றேழாகிவிட்டது! வேர்க்குறிக்குள் பட்டறையின் ஏற்ற இறக்கம் 576. சப்ளையரின் தாமதம் 3600. நம் அலமாரியில் தூங்கும் சரக்கில் பெரும்பகுதி அவருடைய சொல் தவறுவதற்காக நாம் கட்டும் வட்டி. பேரிங்கில் இந்த வித்தியாசம் ஆறாயிரம் ரூபாய்தான், விட்டுவிடலாம். காப்பரில் ஒரு வாரக் கூடுதல் இருப்பே ஐம்பதாயிரத்தைத் தாண்டும். அங்கே கூடுதல் ஒயர் வாங்கி அடுக்குவதைவிட, இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நாள் தவறாத சப்ளையரைப் பிடிப்பதே புத்திசாலித்தனம்.

கணக்கு எழுதுவதில் ஒரு பொறி உண்டு. பேரிங் தீர்ந்துபோன வாரத்தில் செலவு ‘பூஜ்யம்’ என்று பதிவாகும். அன்று தேவை இல்லாமல் இல்லை, சரக்குதான் இல்லை. அந்த வாரத்தைச் சராசரியில் சேர்த்தால் அடுத்த ஆர்டரும் பிழையாகும்.

போட்ட கணக்கு சரியா என்று பார்க்க, புதுச் சரக்கு வந்து இறங்கும் நாளில் பழையது எத்தனை மிச்சம் என்று குறித்து வாருங்கள். பாதி முறை காப்பிருப்பில் கை வைத்திருப்பீர்கள், அது இயல்பு. ஆண்டு முழுக்க அதைத் தொடவே இல்லை என்று யாராவது பெருமைப்பட்டால், அவர் தேவைக்கு மேல் வாங்கி வைத்திருக்கிறார்.