கையில் பூனை கடித்தால்

சண்டை போடும் இரண்டு பூனைகளை விலக்கப்போன ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரலில் கடி விழுகிறது. இரண்டே புள்ளி, ஒரு சொட்டு ரத்தம். துடைத்து பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் படுக்கிறார். விடிவதற்குள் விரல் முழுக்க வீங்கி விண்விண்ணென்று தெறிக்கிறது.

பூனையின் பல் மெல்லியது, கூர்மையானது. மேலே கிழிக்காமல் நேரே ஆழத்துக்கு இறங்கிவிடும். கையிலோ தோலுக்கு அடியில் சதை குறைவு. தசைநாணும் மூட்டும் எலும்பும் உடனே வந்துவிடுகின்றன. விரலை மடக்கும் நாண் ஒரு உறைக்குள் ஓடுகிறது. பூனை எச்சிலிலுள்ள பாஸ்டுரெல்லா என்ற கிருமி அந்த உறைக்குள் புகுந்தால், விரல் நெடுக வழுக்கிக்கொண்டு பரவும். உறைக்குள் ரத்த ஓட்டம் குறைவென்பதால் உடலின் எதிர்ப்பும் அங்கே மெதுவாகத்தான் போய்ச் சேரும். மேலே தோல் துளை அதற்குள் மூடிக்கொண்டிருக்கும்.

விரல் முழுவதும் ஒரே சீராக வீங்குவது, பாதி மடங்கியபடியே நிற்பது, உள்ளங்கைப் பக்கம் நாண் வழியே தொட்டால் வலிப்பது, பிறர் மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போவது: இவை உறைக்குள் சீழ் பிடிப்பதன் அறிகுறிகள். அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். தாமதித்தால் விரல் மடங்காமலே போகலாம்.

கடித்தவுடன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதைக் கரைக்கும். பிறகு பொவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். ஆழத்துக்குத் தண்ணீர் எட்டாது என்பதால், கையில் பூனை கடித்தால் வீக்கம் வருமுன்பே ஆன்டிபயாடிக் தருவது வழக்கம். தையல் கூடியவரை போடமாட்டார்கள். போட்டால் கிருமி உள்ளேயே அடைபடும்.

தோலைத் துளைத்த கடி ரேபிஸ் கணக்கில் மூன்றாம் வகை. கையில் நரம்புகள் அதிகம் என்பதால் கூடுதல் ஆபத்து. தடுப்பூசி வேலைசெய்ய ஒரு வாரத்துக்கு மேலாகும். அதுவரை காக்க, இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போடுவார்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 ஆகிய நாள்கள். முதல் ஊசி போடும் நாளே பூஜ்யம். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் அதையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வளர்ப்புப் பூனைதானே, பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியை அன்றே தொடங்கிவிட்டுப் பூனையைக் கவனியுங்கள். பத்து நாளும் அது நலமாக இருந்தால், மிச்ச ஊசி வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.