சப்ளையருக்கு எழுதும் குறிப்பு

ஓட்டல் சப்ளையரின் வேலையை மதிப்பிடும்போது "கவனம் போதாது" என்று எழுதினால், அவர் எதைத் திருத்திக்கொள்வார்? பார்த்ததை எழுதுங்கள்: "இந்த மாதம் நான்கு ஆர்டர்கள் மாறின. ஞாயிறு காலை நெய் ரோஸ்ட் கேட்டவருக்கு மசால் தோசை போனது. நான்குமே ஆறு பேருக்கு மேல் உட்கார்ந்த மேசைகள்."

இப்போது காரணத்தை அவரிடமே கேட்கலாம். சீட்டில் குறிக்காமல் மனதிலேயே வைத்துக்கொள்கிறார் என்றால், அடுத்த வரி இது: "பெரிய மேசைகளில் ஆர்டரை எழுதி, ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு உள்ளே சொல்லவும். அடுத்த மாதம் சேர்ந்து பார்ப்போம்."

தோசைக்கல்லில் ஆன தாமதத்தை இவர் கணக்கில் எழுதுவது அநியாயம். கேட்கும் முன்பே சாம்பார் வாளியோடு வந்து நிற்பவர் என்றால், அதையும் அப்படியே எழுதுங்கள். "நல்ல பையன்" என்பது போதாது.