கொட்டிப்போன இலைக்கும் கணக்கு உண்டு

நிலக்கடலை விளையும் ஊர்களில் மருந்துக் கடைச் சுவரிலும் வயல் விழாப் பந்தலிலும் ஒரே மாதிரியான விளம்பரப் படம் தொங்கும். இடப்பக்கம் கரும்புள்ளி விழுந்த இலை, வலப்பக்கம் பளிச்சென்ற பச்சை இலை, நடுவில் ஒரு மருந்தின் பெயர். இரண்டு இலைகளைக் காட்டி எந்த மருந்தையும் நல்ல மருந்தாக்கிவிடலாம். நோய் முற்றிய வயலில் தேடினாலும் சுத்தமான இலை ஒன்று கிடைக்கும். நன்றாகப் பராமரித்த வயலிலும் புள்ளி நிறைந்த இலை ஒன்று இருக்கும். எந்த இலையைப் படம் எடுத்தார்கள், அதை யார் பொறுக்கினார்கள் என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

படம் என்றாலே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காக எடுத்த படத்திலிருந்து இலைப் பரப்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு நோய் தின்றிருக்கிறது என்று அளக்க முடியும். அதை வைத்து இரண்டு மருந்துகளையோ இரண்டு ரகங்களையோ நேர்மையாக ஒப்பிடலாம். ஆனால் அளக்கும் ஆள் ஒவ்வொரு படியிலும் கவனமாக இருக்க வேண்டும். நிலக்கடலையின் டிக்கா நோய் இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். ஏனென்றால் சாதாரணமாக அளந்தால் அந்த நோய் நம்மை நேர் எதிரான முடிவுக்கே கொண்டுபோய்விடும்.

டிக்கா என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு பூசண நோய்கள். முன்பருவ இலைப்புள்ளியில் பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் தெளிவாகத் தெரியும். பின்பருவ இலைப்புள்ளி கருமையாக இருக்கும். வளையம் மங்கலாக இருக்கும், அல்லது இருக்காது. இலையின் அடிப்பக்கத்தில் தடவினால் சொரசொரக்கும். இரண்டுமே முற்றினால் சிற்றிலைகள் கொட்டிவிடும். துரு நோய் அப்படியில்லை. துரு பிடித்த இலை காய்ந்து சருகானாலும் பெரும்பாலும் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கணக்குப் போடும்போது இந்த வேறுபாடு முக்கியமாகிறது.

கண்ணால் பார்த்தே சதவீதம் சொல்லலாமே என்று கேட்கலாம். ஆராய்ச்சிப் பண்ணைகளில் பல காலமாக அப்படித்தான் செய்துவருகிறார்கள். ஐதராபாத் அருகே பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் நிலக்கடலைக்கென ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் தரும் முறையை வகுத்தது. நூற்றுக்கணக்கான ரகங்களை ஒரே நாளில் சலித்தெடுக்க அது அருமையான முறை. ஆனால் மனிதக் கண்ணுக்குப் பழைய பலவீனம் ஒன்று உண்டு. சின்னச் சின்னப் புள்ளிகள் நிறைய இருந்தால், அதே பரப்புள்ள ஒரே பெரிய புள்ளியைவிட அதிகமாகத் தோன்றும். உண்மையில் மூன்று சதவீதம் இருக்கும் இலையைப் பத்து என்று சொல்பவர்கள் ஏராளம். மதிப்பெண்ணைச் சராசரி எடுப்பதிலும் சிக்கல் இருக்கிறது. அந்த அளவுகோலில் 41 சதவீதச் சேதத்துக்கும் 60 சதவீதச் சேதத்துக்கும் ஒரே ஏழு மதிப்பெண்தான். இரண்டு மருந்துகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் இருபது சதவீதத்துக்குள் இருந்தால் அது அந்த ஏழுக்குள்ளேயே மறைந்துபோகக்கூடும்.

படத்தில் அளப்பதன் அடிப்படை மிக எளிது. கணினிக்குப் படம் என்பது கோடிக்கணக்கான வண்ணப் புள்ளிகள். இலை முழுவதற்கும் எத்தனை, நோய்ப் பகுதிக்கு எத்தனை என்று எண்ணி வகுத்தால் சதவீதம் வந்துவிடும். இலை நான்கு லட்சம், நோய் முப்பத்திரண்டாயிரம் என்றால் எட்டு சதவீதம். இதற்கு ஸ்கேலோ சென்டிமீட்டரோ தேவையில்லை. இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருள் போதும். அதில் `Image > Adjust > Color Threshold` என்ற இடத்துக்குப் போய், முதலில் இலை முழுவதும் தேர்வாகும்படி நிற எல்லையை அமைத்துப் பரப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு நோயின் நிறம் மட்டும் தேர்வாகும்படி எல்லையைச் சுருக்கி மறுபடி அளக்க வேண்டும்.

சிக்கல் எல்லாம் படம் எடுக்கும் இடத்தில்தான். வெயிலில் எடுத்தால் இலை பளபளக்கும் இடம் வெள்ளையாகி, இலைக் கணக்கிலிருந்தே விலகிவிடும். நிழல் விழுந்த ஓரத்தைக் கணினி கரும்புள்ளி என்று நினைத்துக்கொள்ளும். அதனால் இலையைப் பறித்து, தட்டையாக விரித்து, ஒரே நிழலில், ஒரே உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். பின்னணிக்கு நீல அட்டை நல்லது. இலையிலும் நோயிலும் இல்லாத நிறம் அது. ஸ்கேனர் இருந்தால் இன்னும் சிறப்பு, வெளிச்சம் மாறவே மாறாது.

உங்கள் ஏற்பாடு சரியாக அளக்கிறதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. பச்சை அட்டையில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டுங்கள். காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் இயந்திரத்தால் கறுப்புத் தாளில் வட்டங்கள் எடுத்து, பதினெட்டை அதன்மேல் ஒட்டுங்கள். வட்டத்தின் விட்டம் ஆறு மில்லிமீட்டர் என்றால் பதினெட்டும் சேர்ந்து ஏறக்குறைய 5.1 சதுர சென்டிமீட்டர், அதாவது 5.1 சதவீதம். இலையைப் படம் எடுக்கும் அதே இடத்தில் இதையும் எடுத்து அளந்து பாருங்கள். ஐந்தை ஒட்டி வந்தால் தொடரலாம். எட்டு வந்தால் நிழலும் கணக்கில் சேர்கிறது என்று அர்த்தம்.

அட்டையில் ஓரம் கூர்மையாக இருக்கும். உண்மையான இலையில் அப்படி இருக்காது. முன்பருவப் புள்ளியின் மஞ்சள் வளையத்தை நோய் என்று சேர்ப்பதா, விடுவதா? சேர்த்தால் ஒரே இலை எட்டிலிருந்து பதினான்குக்குப் போய்விடலாம். இரண்டில் எதையும் தேர்வு செய்யலாம், தவறில்லை. ஆனால் முதல் படத்தை அளப்பதற்கு முன்பே முடிவெடுத்து, எழுதிவைத்து, கடைசிப் படம் வரை அதையே கடைப்பிடிக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் பார்வைக்குச் சரியாகத் தோன்றும்படி எல்லையை நகர்த்திக்கொண்டே போனால், நமக்குப் பிடித்த மருந்துக்கு நம்மை அறியாமலேயே சலுகை கொடுத்துவிடுவோம்.

இதோடு சேர்ந்த இன்னொரு வில்லங்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. மாங்கோசெப் மஞ்சள் கலந்த பொடி. தெளித்த பிறகு இலைமேல் மெல்லிய படலமாகக் காய்ந்திருக்கும். கணினி அதை இலை மஞ்சளித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டால், நன்றாக வேலை செய்த மருந்து கெட்ட பெயர் வாங்கும். அளப்பவர் கண்ணிலும் அந்தப் படலம் படும். “இது மருந்தடித்த இலை” என்று தெரிந்துவிட்டால் கை தானாகவே தாராளமாகிவிடும். எனவே எல்லா இலைகளையும், தெளிக்காத பாத்தி இலைகளையும் சேர்த்து, தண்ணீரில் மெதுவாக அலசித் துடைத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். படங்களுக்கு 001, 002 என்று வெறும் எண்ணை இட்டுக் கலைத்துவிட்டு, எந்த எண் எந்தப் பாத்தி என்ற பட்டியலை அளக்காத ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகும் டிக்கா நம்மை ஏமாற்றும். ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு செடியின் நடுத்தண்டில் 15 கணுக்கள். நிலக்கடலை இலை ஒவ்வொன்றிலும் நான்கு சிற்றிலைகள் என்பதால் மொத்தம் 60 சிற்றிலைகள் இருக்க வேண்டும். மருந்து தெளிக்காத பாத்தியில் அவற்றில் 24 கொட்டிவிட்டன. மீதி 36 சிற்றிலைகளைப் படம் எடுத்து அளந்தால் சராசரிச் சேதம் 10 சதவீதம். மாங்கோசெப் தெளித்த பாத்தியில் ஆறுதான் கொட்டியிருக்கின்றன. மீதி 54 சிற்றிலைகளின் சராசரிச் சேதம் 14 சதவீதம்.

படத்தை மட்டும் நம்பினால் மருந்து தெளித்ததில் நோய் அதிகம்! காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தெளிக்காத செடியில் மோசமாக அடிபட்ட இலைகள் எல்லாம் தரையில் கிடக்கின்றன. படத்துக்கு வந்தவை தப்பிப் பிழைத்த மேல் இலைகள் மட்டும். தெளித்த செடியிலோ புள்ளி விழுந்த இலையும் கொட்டாமல் நின்று படத்துக்கு வந்துவிட்டது.

இதைச் சரிசெய்ய, கொட்டிய சிற்றிலையை முழுச் சேதமாக, அதாவது நூறு சதவீதமாக, எடுத்துக்கொள்ள வேண்டும். தெளிக்காத செடியில் கொட்டியது 40 சதவீதம். நின்ற 60 சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால் 6. ஆக மொத்தச் சேதம் 46 சதவீதம். தெளித்த செடியில் கொட்டியது 10. நின்ற 90-இல் 14 சதவீதம் என்றால் 12.6, மொத்தம் 22.6. தீர்ப்பு தலைகீழாக மாறிவிட்டது. இலை விழுந்த கணுவில் தழும்பு இருக்கும் என்பதால் எண்ணுவது கடினமில்லை. அடிக்கணு இலைகளில் சில வயதாகியும் விழும். அதைத் தனியே பிரிக்க முடியாது; எல்லாப் பாத்திகளையும் ஒரே நாளில் எண்ணினால் இரு பக்கமும் அந்தப் பிழை ஓரளவு சமமாக இருக்கும்.

கடைசியாக, எத்தனை இலை அளந்தோம் என்பது பெரிய சாட்சியமல்ல, எத்தனை பாத்தி என்பதுதான் சாட்சியம். ஒரே பாத்தியில் நானூறு சிற்றிலைகளை அளந்தாலும் அந்த மண்ணையும் அந்த ஈரத்தையும் பற்றித்தான் தெரிந்துகொள்கிறோம். வயலை நான்கு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். தெளிக்காத பாத்திகளில் சேதம் 46, 41, 52, 44 என்றும், அதே தொகுதிகளில் வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தவற்றில் 31, 48, 29, 40 என்றும் வைத்துக்கொள்வோம். சராசரியில் வேம்பு முந்துகிறது. ஆனால் இரண்டாம் தொகுதியில் தோற்றுவிட்டது, நான்காவதில் நூலிழையில்தான் ஜெயித்தது. இதை வைத்து வேம்பு வேலை செய்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னும் அதிகப் பாத்திகளில் பார்க்க வேண்டும். மாங்கோசெப் 23, 19, 27, 21 என்று வந்திருந்தால் நான்கிலும் வித்தியாசம் கண்கூடு. அதை நம்பலாம்.

அடுத்த முறை இரண்டு இலைப் படங்களைக் காட்டி ஒருவர் மருந்து விற்க வந்தால் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை பாத்திகளில் பார்த்தீர்கள்? அளந்தவருக்கு எந்த இலை எந்த மருந்து என்று தெரியுமா? தரையில் கொட்டிய சிற்றிலைகளை எண்ணினீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால், டிக்கா விஷயத்தில் அந்தப் படங்களை நம்பிப் பணத்தை எடுக்காதீர்கள்.