சிறைக்கு வெளியே ஒரு தண்டனை

வடமதுரை சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் 20 வயது இளைஞர் ஒருவர் நாலாயிரம் ரூபாய் மதிப்புள்ள கைப்பேசியைத் திருடிப் பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு, திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. ஆனால், திருடிய பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குள் இருந்து, அவர் முதல்முறை தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், ஊதியமற்ற சமூக சேவையே தண்டனை.

கைப்பேசியை அவர் ஏற்கெனவே விற்றுச் செலவழித்திருந்தால்? நாலாயிரம் ரூபாயைப் புரட்ட முடியாத ஏழைக்கு இந்தச் சலுகை எட்டாது. அப்போதும் வழி அடைபடுவதில்லை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும். சிறைதான் என்று முடிவெடுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இல்லையேல், மூன்றாண்டுக்கு மிகாத காலத்துக்குப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கி, கண்காணிப்பின்கீழ் விடுவிக்கலாம்.

இவ்வாறு வெளியே விடுவது குற்றத்தை வளர்க்காதா என்பது நியாயமான கேள்வி. சிறைக்கு அனுப்பப்படாதவர்கள் மீண்டும் குற்றம் புரிவது குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றை அப்படியே நம்ப முடியாது. திருந்துவார் என்று தோன்றுபவரையே நீதிபதிகள் வெளியே விடுகின்றனர். எனவே நற்பலன் தண்டனையுடையதா, ஆளுடையதா என்று பிரித்தறிய இயலாது.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க, 1990களில் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு வாரம் வரையிலான குறுகிய சிறைத்தண்டனை பெற்றவர்களில் யார் சிறைக்கு, யார் சமூக சேவைக்கு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியான காம்பெல் ஆய்வு மதிப்பீடும், குலுக்கல் சோதனைகளை மட்டும் கொண்டு பார்த்தால் இதே முடிவுக்கே வந்தது.

சமூக சேவை மாயமருந்து அன்று. அதே வேளையில், சிறு குற்றத்துக்குச் சில நாள் சிறை கூடுதல் பாதுகாப்பைத் தருகிறது என்பதற்கும் சான்றில்லை. பலன் சமமென்றால், இளைஞரின் வேலையையும் படிப்பையும் பறிக்காத வழியே மேல்.

ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிடப்பட்டது உண்மையாகவே நிறைவேற்றப்பட்ட சேவை. இங்கிலாந்தில் ஊதியமற்ற பணி 40 முதல் 300 மணி நேரம் எனச் சட்டமே வரையறுக்கிறது. நம் சட்டமோ எத்தனை மணி நேரம், யார் கண்காணிப்பது என்பதைச் சொல்லவில்லை. வருகைப் பதிவேடும், அதைச் சரிபார்க்கப் போதிய நன்னடத்தை அலுவலர்களும் இல்லாத இடத்தில், சேவை செய்யாமலே சேவைச் சான்றிதழ் வாங்கிவிடலாம். அப்போது பொருளைப் பறிகொடுத்தவர் தண்டனையே இல்லை என்று கருதுவார். அவர் கருதுவதில் தவறும் இருக்காது.