பதினான்கு வேலை வேண்டாம், ஐந்து போதும்

வியாபார மென்பொருளைக் குறுந்தகட்டில் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டிவிடுவோம். அதன் பிறகு நாம் அதைத் தொட்டே பார்க்காவிட்டாலும் விற்றவருக்கு நஷ்டமில்லை. இன்று பெரும்பாலான மென்பொருள்கள் மாதச் சந்தாவில் வருகின்றன. பதினான்கு நாளோ முப்பது நாளோ இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் சந்தா கட்டலாம், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்கலாம். கட்டியவர்கூட அடுத்த மாதம் நிறுத்திக்கொள்ள முடியும்.

இதனால் விற்பவருக்கு ஒரு புதுக் கவலை வந்திருக்கிறது. கணக்குத் திறந்த வாடிக்கையாளர், ‘இது நமக்கு உதவுகிறது’ என்று கண்ணால் காண எவ்வளவு நேரம் ஆகிறது? தொழிலில் இருப்பவர்கள் இதை ‘டைம் டு வேல்யூ’ என்பார்கள். அந்த நேரத்தைக் குறைப்பதற்காகத்தான் புது மென்பொருளைத் திறந்ததும் திரையோரத்தில் ஒரு ‘செக்லிஸ்ட்’ தோன்றுகிறது. இதைச் செய்யுங்கள், அடுத்து அதைச் செய்யுங்கள் என்று வரிசையாக டிக் பெட்டிகள். பல நிறுவனங்களில் இந்தப் பட்டியலே தாமதத்துக்குக் காரணமாகிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை.

முதல் பலன் எது?

ஹெல்ப்டெஸ்க் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். சென்னையில் வேர்விட்ட ஜோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் உலகெங்கும் விற்கும் சரக்குகளில் இதுவும் ஒன்று. வாடிக்கையாளர் அனுப்பும் புகார் மெயில் ஒவ்வொன்றும் இதில் ஓர் எண்ணோடு ‘டிக்கெட்’ ஆகிவிடும். எந்தப் புகார் யார் கையில் இருக்கிறது, பதில் போய்விட்டதா என்பதையெல்லாம் ஒரே திரையில் பார்க்கலாம்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கும் நிறுவனம் ஒன்று இதை வாங்குவதாகக் கற்பனை செய்வோம். எட்டுப் பேர் புகார்களைக் கவனிக்கிறார்கள். எல்லாரும் ஒரே மெயில் பெட்டியின் பாஸ்வேர்டை வைத்திருக்கிறார்கள். ஒரு புகாருக்கு இரண்டு பேர் பதில் போடுகிறார்கள். இன்னொன்றை யாருமே பார்ப்பதில்லை. முதலாளி மென்பொருள் தேடியதே இந்தத் தலைவலிக்காகத்தான்.

அப்படியானால் அவருக்கு முதல் பலன் எது? கணக்குத் திறப்பது அல்ல, அறிமுக வீடியோ பார்ப்பதும் அல்ல. உண்மையான வாடிக்கையாளர் ஒருவரின் புகார் டிக்கெட்டாக வர வேண்டும். கணக்கைத் திறந்தவரைத் தவிர வேறோர் ஊழியர் அதற்கு மென்பொருளுக்குள்ளிருந்தே பதில் அனுப்ப வேண்டும். அந்த நிமிடத்தில்தான் முதலாளிக்கு ‘யார் எதைப் பார்க்கிறார்கள்’ என்பது திரையில் தெரிகிறது. பட்டியலை இந்த இடத்திலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும்.

வழக்கமாக நடப்பது வேறு. வடிவமைப்புக் குழு லோகோ ஏற்றச் சொல்லும். புது வசதி ஒன்றைக் கட்டிய குழு, அதையும் சேர் என்று கேட்கும். இப்படி ஆளுக்கொன்றாய்ச் சேர்ந்து பட்டியல் நீளும்: அறிமுக வீடியோ, லோகோ, வேலை நேரம், மெயில் இணைப்பு, டொமைன் சரிபார்ப்பு, ஊழியர்களை அழைத்தல், குழு பிரித்தல், பதில் அனுப்பக் கெடு, தானியங்கி விதிகள், ஆயத்தப் பதில்கள், பழைய முகவரிகளை ஏற்றுதல், உதவிக் கட்டுரைகள், சாட் வசதி, மொபைல் செயலி. மொத்தம் பதினான்கு.

ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இது இல்லாமல் முதல் பதில் போகுமா? லோகோ இல்லாமல் போகும். கெடு வைக்காமலும் போகும். பழைய முகவரிகள் இல்லாவிட்டாலும் போகும். வடிகட்டினால் ஐந்து வேலைகளே மிஞ்சும். புகார் வரும் மெயிலை மென்பொருளுக்குத் திருப்பிவிடுவது, சொந்த போனிலிருந்து ஒரு மெயில் அனுப்பி அது டிக்கெட்டாக வருகிறதா என்று பார்ப்பது, இரண்டு ஊழியர்களை அழைப்பது, வரும் முதல் நிஜப் புகாரை அவர்களில் ஒருவருக்கு ஒதுக்குவது, அவர் பதில் அனுப்புவது.

இந்த ஐந்துக்கும் மேலே ‘கணக்குத் திறந்தாயிற்று’ என்று ஏற்கெனவே டிக் விழுந்த வரி ஒன்றை வைப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஜோசப் நூனெஸ், சேவியர் ட்ரேஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கார் கழுவும் கடை ஒன்றில் 300 அட்டைகள் கொடுக்கப்பட்டன. பாதிப் பேரின் அட்டையில் எட்டுக் கட்டங்கள், எல்லாம் காலி. மீதிப் பேரின் அட்டையில் பத்துக் கட்டங்கள், இரண்டில் முன்பே முத்திரை. இரு சாராரும் எட்டு முறை வந்தால்தான் இலவசம். காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேரும், முத்திரை அட்டைக்காரர்களில் 34 சதவீதம் பேரும் அட்டையை முடித்தார்கள். தொடங்கிவிட்ட வேலை என்று தோன்றினால் முடிக்கும் எண்ணம் வருகிறது. ஆனால் முன்கூட்டி விழும் டிக், அவர் நிஜமாகவே செய்த வேலைக்கானதாக இருக்க வேண்டும்.

நேரம் எங்கே போகிறது?

ஐந்து வேலைக்கும் சேர்த்து மவுஸைச் சொடுக்கும் நேரத்தைக் கூட்டினால் அரை மணி வராது. நாட்களை விழுங்குவது காத்திருப்பு.

மெயிலைத் திருப்பிவிடுவதைப் பாருங்கள். ஜிமெயிலில் வேறொரு முகவரிக்கு மெயிலைத் திருப்பச் சொன்னால், அந்தப் புது முகவரிக்கு கூகுள் ஓர் உறுதிக் குறியீட்டை அனுப்பும். இங்கே புது முகவரி ஹெல்ப்டெஸ்குக்கு உரியது. ஆகவே குறியீடும் ஒரு டிக்கெட்டாக அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கும். முதலாளியோ தன் இன்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘இன்னும் வரவில்லையே’ என்று காத்திருப்பார். ‘குறியீடு உங்கள் முதல் டிக்கெட்டாக வந்திருக்கும், அங்கே பாருங்கள்’ என்று பட்டியலில் ஒரு வரி இருந்தால் இந்தத் தடை விலகிவிடும்.

இன்னும் பெரிய தடை டொமைன் சரிபார்ப்பு. நிறுவனத்தின் பெயரில் போகும் மெயில் உண்மையிலேயே அந்த நிறுவனம் அனுப்பியதுதான் என்று காட்ட, அதன் டொமைன் அமைப்பில் SPF, DKIM என்ற பதிவுகளைச் சேர்க்க வேண்டும். அந்த டொமைனின் பாஸ்வேர்ட் பெரும்பாலும் முதலாளியிடம் இருக்காது. எப்போதோ வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் இருக்கும். பழைய பட்டியலில் இது ஐந்தாவது வேலை. திங்கட்கிழமை காலையில் வீடியோ பார்த்து, லோகோ ஏற்றி, மெயிலை இணைத்து இங்கே வந்து நிற்பார். வெப்சைட் செய்தவருக்கு வாட்ஸாப்பில் செய்தி போடுவார். பதில் வெள்ளிக்கிழமை வரும். அதற்குள் இவருக்கு ஆர்வம் வடிந்திருக்கும், இலவச நாட்களில் நான்கு போயிருக்கும்.

இதற்கு வழி, பதிலை முதல் சில நாட்கள் மென்பொருள் நிறுவனம் தரும் முகவரியிலிருந்தே போகவிடுவது. முகவரி கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், ஆனால் வேலை நடக்கும். கூடவே, சேர்க்க வேண்டிய பதிவுகளை அப்படியே எழுதி, டொமைன் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அனுப்பத் தயாராக ஒரு செய்தியை முதல் நாளே முதலாளியிடம் கொடுத்துவிட வேண்டும். அது அதன் போக்கில் நடக்கட்டும். ஒரேயடியாக விட்டுவிட மட்டும் கூடாது. தனிநபர் ஜிமெயில் முகவரிகளுக்கு மெயில் அனுப்பும் எவரும் SPF அல்லது DKIM வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கேட்கிறது.

ஊழியர்களை அழைப்பதிலும் காத்திருப்பு உண்டு. ‘உங்களை அழைத்திருக்கிறார்கள், சேருங்கள்’ என்று வரும் மெயிலை யார் அவசரமாகத் திறக்கப்போகிறார்கள்? ‘கசிவு பற்றிய இந்தப் புகாரை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறார்’ என்று வந்தால் திறப்பார்கள். அழைப்போடு ஒரு வேலையும் சேர்ந்து போக வேண்டும்.

இப்படி மாற்றிவிட்டால், கோவை நிறுவனம் திங்கள் காலை பத்து மணிக்குக் கணக்குத் திறந்து, பத்தரைக்குள் மெயிலைத் திருப்பி, மதியத்துக்குள் முதல் நிஜப் புகாருக்குப் பதில் அனுப்பிவிட முடியும்.

டிக் விழுந்தால் போதுமா?

பட்டியல் மளமளவென்று முடிகிறது, ஆனால் இரண்டாம் வாரம் யாரும் உள்ளே வருவதில்லை என்றால், டிக் விழும் விதத்தில் கோளாறு. ‘செய்துவிட்டேன்’ என்று பயனாளரே அழுத்தும் டிக்கை நம்பக் கூடாது. காரியம் நடந்ததும் மென்பொருளே டிக் போட வேண்டும். இன்னொரு ஏமாற்றமும் உண்டு. முதலாளியே மெயில் அனுப்பி, முதலாளியே பதில் போட்டு எல்லாவற்றையும் முடித்திருப்பார். கடைசி இரண்டு டிக்கும் வெளி ஆள் அனுப்பிய மெயிலுக்கு, வேறோர் ஊழியர் போட்ட பதிலுக்குத்தான் விழ வேண்டும்.

நேரத்தை அளப்பதிலும் கவனம் தேவை. ஐந்து வாடிக்கையாளர்கள் முதல் பலனைக் காண முறையே 1, 2, 3, 4 மணி நேரமும், ஐந்தாமவர் 240 மணி நேரமும் எடுத்துக்கொண்டால் சராசரி 50 மணி. அந்த ஐவரில் ஒருவர் கதைகூட அந்த எண்ணில் இல்லை. வரிசையில் நடுவே நிற்கும் 3 மணி என்பதுதான் பொருத்தமான எண். அதுவும் போதாது, பலனையே காணாமல் போனவர்கள் இந்தக் கணக்கில் வருவதேயில்லை. ஆகவே, கணக்குத் திறந்தவர்களில் எத்தனை பேர் மூன்று நாளுக்குள் முதல் பலனைத் தொட்டார்கள் என்பதையும் கூடவே எழுதிவைக்க வேண்டும்.

சீக்கிரம் பலன் கண்டவர்கள் சந்தாவைத் தொடர்கிறார்கள் என்று தெரிந்தவுடன் பட்டியலுக்கு மாலை போட்டுவிடவும் முடியாது. தேவை அதிகம் உள்ளவர்களே வேகமாக முடித்திருக்கலாம். பட்டியல் எப்படி இருந்தாலும் அவர்கள் தங்கியிருப்பார்கள். புதிதாக வருபவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பட்டியலையும் பாதிப் பேருக்குப் புதியதையும் குலுக்கல் முறையில் காட்டி, சில மாதம் கழித்து இரு பக்கமும் எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இந்த வைத்தியம் எல்லா இடத்திலும் பலிக்காது. முந்நூறு ஊழியர்கள் உள்ள வங்கிக்கு அதே மென்பொருளை விற்றால், பாதுகாப்புச் சோதனை, ஒப்பந்தம், பழைய தரவை மாற்றுவது என்று மாதங்கள் ஓடும். அங்கே திரையோரப் பட்டியலால் பயனில்லை. இரு தரப்பும் திறந்து பார்க்கும் ஒரு தாளில், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் வேண்டும். அங்கும் எல்லாக் கிளைகளும் தயாராகட்டும் என்று நிற்காமல், ஒரு கிளையில் மட்டும் முதல் பலனைக் காட்டிவிடுவது நல்லது.

விட்டுப்போன மற்ற வேலைகள்? அவற்றைத் தேவை எழும்போது ஒவ்வொன்றாய் நீட்டலாம். ஊழியர் ஒரே பதிலை மூன்றாவது முறை தட்டச்சு செய்கிறபோது ஆயத்தப் பதில் வசதியைக் காட்டினால் உடனே எடுத்துக்கொள்வார். இரண்டு வாரம் புகார்கள் வந்த பிறகு, எத்தனை மணி நேரத்தில் பதில் போகிறது என்று முதலாளிக்கே தெரிந்திருக்கும். கெடு வைக்கச் சொல்ல அதுதான் சமயம். டொமைன் சரிபார்ப்பு மட்டும் முதல் வாரத்திலேயே முடிந்ததா என்று விற்பவர் போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும்.